எழுதுவதா, விட்ஜெட்டைத் தொடுவதா, டேக்கில் காட்டுவதா: மாத்திரை போட்டதைப் பதிய எது சரி?

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்குக் காலை ஒன்பது மணிவாக்கில் ஒரு சந்தேகம் வரும்: இன்றைக்குப் போட்டோமா இல்லையா? தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தண்ணீர் டம்ளர். அதனால் நேற்றைய நினைவும் இன்றைய நினைவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. வெறும் வயிற்றில், காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டிய மாத்திரை அது. டிபன் முடிந்தபின் சந்தேகம் வந்தால், போடாமல் விடுவதா, இன்னொன்று போடுவதா என்ற குழப்பம் வேறு. இந்தக் கேள்விக்கு ஒன்பது மணிக்கு உறுதியான பதில் தருவதுதான் பதிவின் வேலை. மாதக் கடைசியில் பார்த்து மகிழ்கிற அட்டவணை அதற்கு அடுத்ததுதான்.

பதிய இன்று எளிதாகக் கிடைக்கும் வழிகள் மூன்று. போன் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்புவது ஒன்று. முகப்புத் திரையில் இருக்கும் விட்ஜெட்டைத் தொடுவது இரண்டாவது. மாத்திரை இருக்கும் இடத்தில் ஒட்டிய என்எஃப்சி டேக் என்ற சிறு ஸ்டிக்கரில் போனைக் காட்டுவது மூன்றாவது. எத்தனை விநாடி மிச்சம் என்று பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் பெரும்பாலும் தவறாகத்தான் முடியும். பதிவு எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எழுதும் பதில் கேள்வியோடு கட்டப்பட்டது. விட்ஜெட் போனோடு கட்டப்பட்டது. டேக் இடத்தோடு கட்டப்பட்டது. ஒவ்வொன்றின் பலமும் பழுதும் இதிலிருந்துதான் வருகின்றன.

எழுதி அனுப்பும் பதில்

காலை ஆறு மணிக்கு டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் பாட் நிரல் ஒன்று கேட்கிறது, அல்லது வெளியூரில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" அம்மா போனைத் திறந்து, அறிவிப்பைத் தொட்டு, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி, "போட்டாச்சும்மா" என்று எழுதி அனுப்புகிறார். கேட்டவர் மனிதர் என்றால் இதில் ஒரு குறையும் இல்லை. பதிவும் ஆகிவிடும், அன்றைய நலம் விசாரிப்பும் ஆகிவிடும். வேறு எந்த வழியும் இந்த இடத்தை நிரப்பாது.

கேட்பது நிரல் என்றால் சிக்கல் தொடங்குகிறது. ஒரே பதில் "போட்டாச்சு", "ஆச்சு", "pottachu", "potachu", "mm", "ok", ஒரு கட்டைவிரல் படம் எனப் பல வடிவில் வரும். "இப்பதான் போட்டேன்" என்பதும் "இனிமேதான் போடணும்" என்பதும் சொல்லைத் தேடும் எளிய நிரலுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இதற்காக நிரலில் சொற்பட்டியலைப் பெருக்கிக்கொண்டே போவதைவிட, கேள்வியோடு இரண்டு பொத்தான்களை அனுப்பிவிடலாம். டெலிகிராம் பாட் அனுப்பும் செய்திக்கு அடியிலேயே "போட்டாச்சு", "இல்லை" என்று பொத்தான் வைக்க வசதி உண்டு. ஒவ்வொரு பொத்தானும் தொட்டவுடன் பாட் நிரலுக்கு அனுப்பும் குறியீடு 64 பைட்டுக்குள் இருக்க வேண்டும். `tab:2025-03-14:y` போன்ற ஒரு குறியீடு அதில் தாராளமாக அடங்கும். தேதியைக் குறியீட்டுக்குள்ளேயே வைப்பது முக்கியம். நேற்றைய செய்தியின் பொத்தானை இன்று தவறுதலாகத் தொட்டால் அது நேற்றைய கணக்கில்தான் சேரும், இன்றைய நாளைக் கெடுக்காது.

எழுதும் வழியின் உண்மையான குறை தட்டச்சின் சிரமம் அன்று. பதில் எழுதப்படும் நேரமும் மாத்திரை போட்ட நேரமும் பிரிந்துபோவதுதான். படுக்கையில் இருந்தபடியே "ஆச்சு" என்று அனுப்பி அறிவிப்பை அடக்கிவிட்டு, எழுந்தபின் போடலாம் என்று நினைத்து மறப்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை, கேள்வியை முடித்துவைக்கிறார்கள். கேள்வி வந்ததால் பதில் வந்தது. மாத்திரை போட்டதால் வரவில்லை.

ஆனாலும் சில பழக்கங்களுக்கு எழுதத்தான் வேண்டும். இரத்த அழுத்தம் 138/86 என்று வந்தால் அந்த எண்ணைப் பதிய வேண்டும். இன்சுலின் அலகு நாளுக்கு நாள் மாறினால் அலகைப் பதிய வேண்டும். "பாதி மாத்திரைதான் போட்டேன், குமட்டல்" என்ற தகவலை எந்த டேக்கும் தாங்காது. ஆமா இல்லை என்று முடியாத எதற்கும் எழுத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

விட்ஜெட்

விட்ஜெட் என்றால் முகப்புத் திரையில் ஒரு கட்டம். தொட்டால் அன்றைய நாளுக்கு அடையாளம் விழும். ஆண்ட்ராய்டில் இது பல ஆண்டுகளாக உண்டு. ஐபோனில் 2023-இல் வந்த ஐஓஎஸ் 17-க்குப் பிறகுதான் விட்ஜெட்டுக்குள்ளேயே பொத்தான் வேலை செய்யத் தொடங்கியது. அதற்கு முந்தைய பதிப்பில் செயலியின் விட்ஜெட்டைத் தொட்டால் செயலி திறக்கும், அவ்வளவுதான். பழைய ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒரு தொடுதல் என்று நம்பி ஏமாற வேண்டாம். `Shortcuts` செயலியின் விட்ஜெட் மட்டும் அதற்கு முன்பிருந்தே தொட்டவுடன் குறுக்குவழியை ஓட்டும்.

ஆண்ட்ராய்டில் லூப் ஹேபிட் டிராக்கர் என்ற செயலி, செயலிக் கடைகளில் `Loop Habit Tracker` என்று தேட வேண்டும், இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. திறமூலச் செயலி, விளம்பரம் இல்லை, தரவு போனுக்குள்ளேயே இருக்கும், வேண்டும்போது சிஎஸ்வி கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். நள்ளிரவு தாண்டி மூன்று மணி வரை முந்தைய நாளாகவே கணக்கிடும் அமைப்பும் அதில் உண்டு. இரவு மாத்திரைக்காரர்களுக்கு அது அவசியம். அதன் அடையாள விட்ஜெட்டை வைத்தே விட்ஜெட்டின் பெரிய பழுதையும் சொல்லிவிடலாம். அது நிலைமாற்றிப் பொத்தான். ஒருமுறை தொட்டால் டிக் விழும், மறுபடி தொட்டால் அந்த டிக் மாறிவிடும். காலையில் போட்டுவிட்டுத் தொடுகிறார். பத்து நிமிடம் கழித்து, தொட்டோமா என்று ஐயம் வந்து இன்னொருமுறை தொடுகிறார். பதிவு அழிந்துவிடுகிறது. பைக்குள் போன் உரசித் தொடப்படுவதும் இதே விளைவைத் தரும். பதிவில் 'இல்லை' என்று இருப்பதால் ஒன்பது மணிக்கு இரண்டாவது மாத்திரை போடும் ஆபத்து இங்கிருந்துதான் வருகிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை ஒரு விதியாகவே பிடித்துக்கொள்ளலாம்: எத்தனை முறை தொட்டாலும் நாளுக்கு ஒரே பதிவு, தொடுவதால் பதிவு அழியவே கூடாது. அழிக்க வேண்டுமென்றால் செயலிக்குள் போய்த்தான் அழிக்க வேண்டும். அந்தச் சிரமம் தேவையான சிரமம்.

விட்ஜெட்டின் இன்னொரு குணமும் கவனிக்கத்தக்கது. அது எப்போதும் கண்ணில் படுகிறது, அதனால் நாளடைவில் கண்ணில் படாமலே போகிறது. முதல் வாரம் எடுப்பாகத் தெரிந்த கட்டம் மூன்றாவது வாரத்தில் சுவர்ப்படத்தோடு கலந்துவிடும். அதே சமயம், "இன்றைக்கு ஆயிற்றா?" என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பதிவிடும் கருவியாக விட்ஜெட் சுமார்தான், பதிவைக் காட்டும் பலகையாக மிக நல்லது. இதைக் கீழே பயன்படுத்திக்கொள்வோம்.

நாளில் பலமுறை, பல இடத்தில் நடக்கும் பழக்கங்களுக்கு மட்டும் விட்ஜெட்டையே முதலாக எடுங்கள். தண்ணீர் குடிப்பது நல்ல உதாரணம். வீட்டில் இரண்டு டம்ளர், அலுவலகத்தில் நாலு, பேருந்தில் ஒன்று என்று போகும். டேக் எங்கே ஒட்டுவது? எண்ணைக் கூட்டும் விட்ஜெட்தான் இதற்குச் சரி. அங்கே இரண்டாவது தொடுதல் தவறன்று, அடுத்த டம்ளர்.

டேக்

என்எஃப்சி டேக் என்பது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஸ்டிக்கர். உள்ளே செம்பு அல்லது அலுமினியச் சுருளும் ஒரு சிறு சில்லும் இருக்கும். பேட்டரி கிடையாது. போன் 13.56 மெகாஹெர்ட்ஸில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே சில்லு மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். அதனால்தான் ஓரிரு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, அதனால்தான் டேக் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது.

வாங்குமுன் போனில் என்எஃப்சி இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருக்காது. அமைப்புகளின் தேடல் பெட்டியில் `NFC` என்று தட்டினால் தெரிந்துவிடும். அதுவே வரவில்லை என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை, விட்ஜெட்டுக்குப் போய்விடுங்கள். ஐபோனில் டேக்கைக் காட்டியதும் தானாக வேலை நடக்க, 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பிந்தைய மாடல் வேண்டும்.

டேக்கில் மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன. என்டேக்213-இல் 144 பைட், 215-இல் 504 பைட், 216-இல் 888 பைட் எழுத இடம் உண்டு. செயலியை மட்டும் தூண்டுவதற்கு 213 போதும். இணைய முகவரியை எழுதப் போகிறீர்கள் என்றால் 215 வாங்குங்கள், காரணம் பின்னால் வருகிறது.

இனி ஒட்டும் இடம். நம் வீடுகளில் மாத்திரை எவர்சில்வர் டப்பாவில்தான் இருக்கும். சாதாரண டேக்கை அதன்மேல் ஒட்டினால் போன் படிக்கவே படிக்காது. போனின் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, அது எதிர்ப்புலத்தை உண்டாக்கி டேக்குக்குப் போக வேண்டிய ஆற்றலைத் தின்றுவிடுகிறது. ஸ்டிக்கர் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினாலும் இதே கதைதான். அதை டப்பாவிலிருந்து உரித்துக் கையில் பிடித்துக் காட்டிப் பாருங்கள். படித்தால் குறை டப்பாவில்தான். உலோகத்துக்கென்றே, அடியில் ஃபெரைட் தகடு வைத்த டேக்குகள் தனியாக விற்கின்றன. அவை சற்றுத் தடிமனாக இருக்கும். இல்லாவிட்டால் டப்பாவை மர அலமாரியில் வைத்து, அலமாரிப் பலகையின் முன்விளிம்பில் சாதாரண டேக்கை ஒட்டுவதே சிக்கனம்.

மாத்திரை பிளாஸ்டிக் புட்டியில் வந்தால் அதன் மூடியில் ஒட்டத் தோன்றும். வேண்டாம். புட்டி தீர்ந்ததும் டேக்கும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. டேக் மாத்திரை பக்கத்தில் இருக்கிறது, போன் எங்கே? ஆறு மணிக்குப் போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கிறது, மாத்திரை சமையலறையில். அம்மா மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனுக்காகத் திரும்பிப் போய், எடுத்துக்கொண்டு மறுபடி சமையலறைக்கு வர வேண்டும். வரமாட்டார். டேக் முறை தோற்கும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டேக்கை எங்கே ஒட்டுவது என்று யோசிப்பதற்கு முன், மாத்திரை, தண்ணீர், போன் மூன்றும் காலையில் எங்கே சந்திக்கும் என்று பாருங்கள். சந்திக்கவில்லை என்றால் மாத்திரை டப்பாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் சார்ஜர் இருக்கும் மேசைக்கு நகர்த்துங்கள். போனைச் சமையலறைக்கு நகர்த்துவதைவிட இது நிலைக்கும்.

நகர்த்தும்போது டேக்கைப் போன் படுக்கும் இடத்துக்கு நேர் அடியில் ஒட்டிவிடக் கூடாது. போன் அதன்மேலேயே கிடந்தால், இரவில் திரையை எழுப்பும்போதெல்லாம் டேக் படிக்கப்பட்டு வீண்பதிவு விழக்கூடும். ஒரு சாண் தள்ளி, கையை வேண்டுமென்றே நீட்டினால்தான் எட்டும் இடத்தில் ஒட்டுங்கள். வயரில்லாச் சார்ஜர் தட்டின்மேல் ஒட்டுவது இன்னும் மோசம், அதன் வலிய புலம் சில்லையே கெடுத்துவிடலாம்.

ஆண்ட்ராய்டில் ஒரு முழு அமைப்பு

லூப் செயலியோடு மேக்ரோடிராய்டு என்ற தானியக்கச் செயலியைச் சேர்த்தால் மேலே சொன்ன விதி தானாக நிறைவேறும். லூப்பில் "தைராய்டு மாத்திரை" என்று ஒரு பழக்கம், ஆமா இல்லை வகையில், தினமும் என்று சேருங்கள். மேக்ரோடிராய்டில் புதிய மேக்ரோ தொடங்கி, தூண்டுகோலாக `NFC Tag` எடுத்து, டேக்குக்கு ஒரு பெயர் கொடுத்து, கேட்கும்போது டேக்கைப் போனின் முதுகில் காட்டி எழுத விடுங்கள். செயலாக `Locale/Tasker Plugin` எடுத்து, அதில் லூப்பைத் தேர்ந்து, பழக்கத்தையும் செய்ய வேண்டியதையும் குறியுங்கள். அந்த இடத்தில் `Check`, `Uncheck`, `Toggle` என்று தெரிவுகள் வரும். `Check`-ஐ மட்டும் எடுங்கள். `Toggle` எடுத்தால் விட்ஜெட்டின் பழுது அப்படியே டேக்குக்கும் வந்துவிடும். `Check` என்றால் பத்துமுறை காட்டினாலும் டிக் டிக்காகவே நிற்கும்.

அடுத்து இரண்டு சிறு செயல்கள். ஒன்று, அதிர்வு. இன்னொன்று, போன் வாய்விட்டு "மாத்திரை பதிவாயிற்று" என்று சொல்வது. மேக்ரோடிராய்டில் `Speak Text` என்று இருக்கும், போனில் தமிழ்க் குரல் நிறுவப்பட்டிருந்தால் தமிழிலேயே சொல்லும். இது அலங்காரம் அன்று. டேக் படித்ததும் போன் ஒரு டிங் அடிக்கும், ஆனால் அது படித்ததற்கான ஒலிதான், பதிந்ததற்கு அன்று. பின்னணியில் மேக்ரோடிராய்டை இயங்குதளம் நிறுத்தி வைத்திருந்தால் டிங் கேட்கும், பதிவு விழாது. குரல் கேட்டால்தான் பதிவு என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். டிங் கேட்டுக் குரல் வரவில்லையென்றால், பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பிறகு இதை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

லூப் தேதியை மட்டும் பதியும், மணியைப் பதியாது. மருத்துவரிடம் நேரத்தையும் காட்ட வேண்டுமென்றால், அதே மேக்ரோவில் கோப்பில் எழுதும் செயலை இறுதியாகச் சேர்த்து, தேதியும் மணியும் கொண்ட ஒரு வரி விழச் செய்யலாம்:

```
2025-03-14 06:04 tab
```

இப்போது நினைவூட்டல். டேக் தானாகக் கேள்வி கேட்காது. எழுத்து வழியில் இருந்த ஒரே பெரிய நன்மையை நாம் இழந்திருக்கிறோம். அதை மீட்க லூப்பில் இந்தப் பழக்கத்துக்கு 6.45 மணிக்கு நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்கு டிக் ஏற்கெனவே விழுந்திருந்தால் லூப் நினைவூட்டாது. ஆறு மணிக்குப் போட்டுவிட்டவருக்குப் போன் அமைதியாக இருக்கும், மறந்தவருக்கு மட்டும், காப்பி போடுவதற்கு முன்பே, அழைப்பு வரும். எல்லா நாளும் ஒலிக்கும் அலாரத்தைக் காது கேட்பதை விட்டுவிடும். மறந்த நாளில் மட்டும் ஒலிப்பதைக் காது விடாது. கேள்வியை முன்னால் வைப்பதைவிடப் பின்னால் வைப்பது நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

லூப்பின் விட்ஜெட்டையும் முகப்பில் வையுங்கள், தொடுவதற்கல்ல, பார்ப்பதற்கு. கை தவறிப் படாதபடி இரண்டாவது பக்கத்தில், பெருவிரல் எளிதில் எட்டாத மேல்மூலையில் வைத்தால் போதும். டேக் எழுதும், விட்ஜெட் காட்டும். ஒன்பது மணிச் சந்தேகத்துக்குப் பதில் அங்கே இருக்கும்.

ஒரு வரம்பு: திரை எரிந்து, பூட்டும் திறந்திருந்தால்தான் ஆண்ட்ராய்டு போன் பொதுவாக டேக்கைப் படிக்கும். கைரேகையில் திறந்தபடியே எடுத்துக் காட்டுவது பழகிவிடும். போனின் முதுகில் என்எஃப்சி சுருள் எங்கே இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் வேறு. பெரும்பாலும் நடுவில் அல்லது கேமராவுக்குக் கீழே இருக்கும். ஐபோனில் மேல்விளிம்பில். உறைக்குள் வங்கி அட்டை செருகியிருந்தாலோ, பின்னால் உலோக வளையம் ஒட்டியிருந்தாலோ படிப்பது தடுமாறும். வயதானவருக்கு அமைத்துக் கொடுக்கும்போது உறையின் சரியான இடத்தில் ஒரு சிறு பொட்டை ஒட்டிக்கொடுத்து, "பொட்டும் பொட்டும் தொடணும்" என்று சொல்லிவிட்டால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

ஐபோனில்

இங்கே கூடுதல் செயலி தேவையில்லை. `Shortcuts` திறந்து, `Automation` பக்கத்தில் கூட்டல் குறியைத் தொட்டு, `NFC` எடுத்து, `Scan` தொட்டு டேக்கைக் காட்டுங்கள். டேக் வெறுமையாக இருந்தாலும் சரி, அதன் சில்லில் ஆலையிலேயே பதிந்த அடையாள எண்ணை வைத்து ஐபோன் அறிந்துகொள்ளும். பிறகு `Run Immediately` தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் ஓட்டவா என்று போன் கேட்கும், ஒரு தட்டு இரண்டாகிவிடும். செயல்களாகத் தேதியை வடிவமைத்து, அதை உரைக் கோப்பின் கடைசியில் சேர்த்து, முடிவில் ஒரு அறிவிப்பைக் காட்டச் செய்தால் மேலே காட்டிய அதே வரி இங்கும் விழும். இரண்டுமுறை காட்டினால் இரண்டு வரி விழும், எதுவும் அழியாது. நாளின் முதல் வரியே கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

முகவரி எழுதிய டேக்

பாட்டிக்கு ஒருநாள் மருமகள் மாத்திரை கொடுக்கிறார், மறுநாள் உதவிக்கு வரும் அக்கா கொடுக்கிறார் என்றால் எந்தப் போனில் காட்டினாலும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். எல்லோர் போனிலும் செயலி நிறுவச் சொல்ல முடியாது. இதற்குக் கூகுள் படிவத்தின் அனுப்பும் முகவரியையே டேக்கில் எழுதுவது ஒரு வழி. படிவத்தில் ஒரே ஒரு குறும்பதில் கேள்வி வைத்து, முன்நிரப்பிய இணைப்பை எடுத்து, அதில் `viewform` என்பதை `formResponse` என்று மாற்றி, கடைசியில் `submit` சேர்த்தால் இப்படி வரும்:

```
https://docs.google.com/forms/d/e/FORM_ID/formResponse?entry.1234567890=tab&submit=Submit
```

இதைத் திறந்தாலே பதில் பதிவாகி, மணியோடு கூகுள் தாளில் ஒரு வரி விழும். படிவத்தில் உள்நுழைவு கட்டாயம், ஒருவருக்கு ஒரு பதில் ஆகிய இரண்டும் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவாகாமல் படிவமோ உள்நுழைவுப் பக்கமோ திறந்து நிற்கும்.

215 வாங்கச் சொன்னது இதற்காகத்தான். படிவ அடையாளம் 56 எழுத்து. முழு முகவரியும் மேலுறைப் பைட்டுகளும் சேர்ந்தால் 138 பைட் அளவில் வந்து நிற்கும், 213-இன் 144-க்குள் நூலிழையில்தான் அடங்கும். பதிலை `tab` என்பதற்குப் பதில் "மாத்திரை" என்று தமிழில் வைக்க ஆசைப்பட்டால் அதுவும் போயிற்று. முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் `%E0%AE%AE` போல ஒன்பது எழுத்தாக விரியும். "மாத்திரை" என்ற சொல்லில் குறிகளையும் சேர்த்து எட்டுக் குறியீடுகள், ஆக 72 எழுத்து. 215-இல் இதெல்லாம் சிக்கலே இல்லை.

இந்த வழியின் பழுது உலாவியில் இருக்கிறது. பதிவான பக்கம் உலாவியில் திறந்தபடியே கிடக்கும். மாலையில் உலாவியைத் திறக்கும்போது அது பக்கத்தை மறுபடி ஏற்றினால் இன்னொரு பதிவு விழும். யாரும் டேக்கைத் தொடாமலே மாலை 5.40-க்கு ஒரு வரி இருப்பதைப் பார்த்தால் இதுதான் காரணம். அதே நாளில் காலைப் பதிவு இருந்தால் கேடில்லை, ஒவ்வொரு நாளையும் ஒருமுறை மட்டும் எடுத்தால் போதும். தாளின் முதல் நெடுவரிசையில் மணிகள் இருந்தால், இன்னொரு தாவலில் இப்படி எழுதி, விடையைத் தேதி வடிவில் காட்டச் செய்யலாம்:

```
=SORT(UNIQUE(FILTER(INT(Sheet1!A2:A-3/24), Sheet1!A2:A<>"")))
```

இதில் `Sheet1` என்ற இடத்தில் பதில்கள் விழும் தாவலின் பெயரைப் போடுங்கள், பெயரில் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள். மூன்று மணி நேரம் கழிப்பது நள்ளிரவு தாண்டியதை முந்தைய நாளில் சேர்க்க. தாளின் நேர மண்டலம் கொல்கத்தாவாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் காலை ஆறு மணிப் பதிவு நேற்றைய தேதியில் போய் உட்காரும். காலையில் மறந்து, மாலையில் உலாவியின் பொய்ப்பதிவு மட்டும் விழுந்த நாளை இந்தச் சூத்திரம் பிடிக்காது. அதனால்தான் ஒருவரே போட்டு ஒருவரே பதியும் வீட்டில் இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஐபோனில் முகவரி டேக்கைக் காட்டினால் மேலே ஒரு பட்டை தோன்றும், அதையும் தொட்டால்தான் திறக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முகவரியை அறிந்த யாரும் பதியலாம் என்பதால் நோயாளியின் பெயரோ மருந்தின் பெயரோ அதில் இருக்க வேண்டாம்.

டேக்கை மாற்ற முடியாதபடி பூட்டும் வசதி எழுதும் செயலிகளில் உண்டு. பூட்டினால் திரும்பத் திறக்க முடியாது. வீட்டுக்குள் இருக்கும் டேக்குக்கு அது அவசியமும் இல்லை.

எதை எடுப்பது

ஆமா இல்லை என்று முடியும் பழக்கம், நாளுக்கு ஓரிரு முறை, ஒரே இடத்தில், போனும் அங்கே இருக்கும் என்றால் டேக். மாத்திரை, செடிக்குத் தண்ணீர், செருப்பு ஸ்டாண்டிலிருந்து தொடங்கும் நடை எல்லாம் இதில் சேரும். இடம் மாறிக்கொண்டே இருந்தாலோ போனில் என்எஃப்சி இல்லாவிட்டாலோ விட்ஜெட், ஆனால் மாத்திரை போன்றவற்றுக்கு நிலைமாற்றி விட்ஜெட் வேண்டாம், டிக் மட்டும் போடும் குறுக்குவழியை முகப்பில் வையுங்கள். எண்ணோ குறிப்போ தேவை என்றால், அல்லது கேட்பவர் மகளோ மகனோ என்றால் எழுத்து.

டேக் எடுத்தவர்களுக்கு ஒரு ஒழுங்கு மட்டும் தவறக் கூடாது: விழுங்கியபின் காட்ட வேண்டும். காட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும்போது கதவு மணி அடித்தால், பதிவு இருக்கும், மாத்திரை உள்ளங்கையில் இருக்கும். போன் டேக்கைத் தொட்டதை மட்டுமே பதிவு அறியும். இரண்டு வாரம் போல ஆனதும் புட்டியைக் கொட்டி எண்ணிப் பாருங்கள். 100 மாத்திரைப் புட்டியை முதல் நாள் திறந்து, பதிவில் 14 நாள் இருந்தால் மீதி 86 இருக்க வேண்டும். 87 இருந்தால் ஒருநாள் காட்டிவிட்டுப் போடவில்லை. 85 இருந்தால் ஒருநாள் போட்டுவிட்டுக் காட்டவில்லை, அல்லது ஒருநாள் இரண்டு போட்டிருக்கிறார். 87 வந்தால் டேக்கைத் தண்ணீர் டம்ளருக்கு அந்தப் பக்கம் தள்ளி ஒட்டுங்கள், கை தண்ணீரைத் தாண்டித்தான் டேக்குக்குப் போக வேண்டும். 85 வந்தால் அந்த நாள்களில் 'இல்லை' என்று இருக்கும் நாள் உண்டா என்று லூப்பில் பாருங்கள். இருந்தால், அன்று போன் எங்கே இருந்தது என்று கேளுங்கள். அப்படி ஒரு நாளே இல்லையென்றால் சேதியை அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.